சிம்ரன் பேசுற தமிழ்ல ஒரே ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்? | டூரிஸ்ட் ஃபேமிலி: கதையைச் சொல்லாத விமர்சனம்

போறேன்.

போறன்.

இன்னொரு தடவை கேளுங்க. போறேன். போறன்.

[திரையில்: இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில், பெரிய எழுத்தில்]

நடுவுல இருக்கிற ஒரு உயிர் எழுத்துதான் வித்தியாசம். ஏகாரம் வந்தா நீங்க சென்னையில வாடகைக்கு இருக்கிற ஒரு சாதாரண குடும்பம். அகரம் வந்தா நீங்க யாரு, எங்கிருந்து வந்தீங்க, காகிதம் எங்கேன்னு அடுத்தடுத்து கேள்வி வரும். ஒரு முழுப் படமே இந்த ஒரு எழுத்து மேல உட்கார்ந்திருக்கு. அந்தப் படத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம். முடிவைச் சொல்ல மாட்டோம், நடுவுல வர்ற திருப்பத்தையும் சொல்ல மாட்டோம். இன்னும் பார்க்காதவங்க தைரியமா கடைசி வரைக்கும் இருக்கலாம்.

வணக்கம் மக்களே. படம் பேரு டூரிஸ்ட் ஃபேமிலி. 2025 மே 1-ல வந்தது. அதே நாள்லதான் சூர்யாவோட ரெட்ரோவும் வந்துச்சு, ஆனாலும் இந்தச் சின்னப் படம் ஆள் பிடிச்சிடுச்சு. இயக்கம் அபிஷன் ஜீவிந்த், இது அவருக்கு முதல் படம். சசிகுமார், சிம்ரன், பிள்ளைங்களா மிதுன் ஜெய்சங்கரும் கமலேஷும், கூட யோகி பாபு, எம்.எஸ்.பாஸ்கர், இளங்கோ குமரவேல், ரமேஷ் திலக். இசை ஷான் ரோல்டன். கதை ஒரு வரியில: இலங்கையில பொருளாதாரம் விழுந்து வாழ முடியாம, ஒரு தமிழ்க் குடும்பம் படகுல ராமேஸ்வரம் வந்து இறங்குது. சென்னையில ஒரு காலனியில குடியேறுது. எங்கிருந்து வந்தோம்னு யாருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான். டிரெய்லர்லயே இருக்கிற விஷயம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம்.

ஒளிஞ்சு வாழ்ற கதைன்னா சினிமாவுல வழக்கமா என்ன வரும்? தாடி ஒட்டுவாங்க, பேரை மாத்துவாங்க, போலி அடையாள அட்டை அடிப்பாங்க. இந்தக் குடும்பத்துக்கு அது எதுவும் போதாது. ஏன்னா இவங்களைக் காட்டிக் கொடுக்கக் காத்திருக்கிறது இவங்களோட சொந்த வாய்தான். தெருவுல பேசுறதும் தமிழ், இவங்க பேசுறதும் தமிழ். ஆனா வாயைத் திறந்த உடனே பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பாரு. தெரியாத மொழியை மறைக்கிறதை விட, தெரிஞ்ச மொழியோட இன்னொரு வடிவத்தை மறைக்கிறது ரொம்பக் கஷ்டம். படத்தோட பதற்றமும் சிரிப்பும் ரெண்டுமே இங்கிருந்துதான் ஊறுது.

அதனால இந்தப் படத்தை எப்படிக் காது கொடுத்துப் பார்க்கணும்னு கொஞ்சம் விரிவாப் பார்க்கலாம். இதுக்கு அப்புறம் படம் பார்த்தீங்கன்னா, ஒவ்வொரு காட்சியிலயும் இன்னொரு அடுக்கு கேட்கும்.

பொதுவா நம்ம ஊர்ல யாழ்ப்பாணத் தமிழ்னா நாலஞ்சு சொல் தெரியும். ஆமாவுக்கு 'ஓம்'. நாற்காலிக்கு 'கதிரை'. அழகுக்கு 'வடிவு'. பையனுக்கு 'பெடியன்'. சமையலறைக்கு 'குசினி'. நடிகர்களும் பயிற்சி எடுக்கும்போது முதல்ல பிடிக்கிறது இந்தச் சொற்களைத்தான். இது சுலபம். சொல்லுங்கிறது சட்டை மாதிரி, மாட்டிக்கலாம், கழட்டிக்கலாம்.

கஷ்டம் வினைமுடிவுல இருக்கு. நாம 'நான் வர்றேன்'னு சொல்லும்போது கடைசி 'ன்' முழுசா ஒலிக்காது. அது மூக்குக்குள்ள கரைஞ்சு போயிடும். நாக்கு மேல போய் ஒட்டவே ஒட்டாது. சொல்லிப் பாருங்க. யாழ்ப்பாணத்துல 'நான் வாறன்'. அங்க ரெண்டு விஷயம் நடக்குது. ஏகாரம் அகரமாகுது, கடைசி 'ன்' தெளிவா, நாக்கு ஒட்டி நிக்குது. இறந்த காலமும் அப்படித்தான். நாம 'நேத்து வந்தேன்', அவங்க 'நேற்று வந்தனான்'. முன்னால நிக்கிறவங்களைக் கேட்டா நாம 'வர்றீங்களா', அவங்க 'வாறியளோ'.

இதுல என்ன சிக்கல்னா, ஒரு படத்துல 'கதிரை' ஒரு தடவை வரலாம், ரெண்டு தடவை வரலாம். வினைமுடிவு ஒவ்வொரு வாக்கியத்துலயும் வரும். அமைதியான காட்சியில நடிகர் யோசிச்சுப் பேசுவாரு, சரியா வரும். கோபம், அழுகை, வேகமா ஒரு சண்டைன்னு வந்தா சின்ன வயசுல பழகின முடிவு தானா வெளிய வந்துடும். சொல் யாழ்ப்பாணம், முடிவு மதுரை.

அதனால படம் பார்க்கும்போது ஒரு சோதனை பண்ணுங்க. ஒரு கதாபாத்திரம் உணர்ச்சிவசப்படுற இடத்துல சொல்லைக் கவனிக்காதீங்க, வாக்கியத்தோட கடைசி அசையைக் கவனிங்க. 'ஏன்'-ல முடியுதா, 'அன்'-ல முடியுதா?

எங்க கணிப்பு இது. சிம்ரன் இந்த முடிவுகளை நல்லாவே பிடிச்சிருக்காங்க, அதுலயும் சின்னச் சின்ன வீட்டுப் பேச்சுல. சசிகுமார் அமைதியா பேசுற இடங்கள்ல நம்ப வைக்கிறாரு. குரலை உயர்த்துற இடங்கள்ல அவரோட மதுரைக் காத்து லேசா வீசுது. பிள்ளைங்கள்ல கமலேஷ் பேசுறதுதான் காதுக்கு ரொம்ப இயல்பா விழுது. இதுல யாழ்ப்பாணத்துக்காரங்க எங்களைத் திருத்தலாம், திருத்தணும். உங்க காதுதான் இங்க நீதிபதி.

ஒரு கேள்வி வரும். டப்பிங்ல சரி பண்ணியிருக்கலாமே? பண்ணலாம், ஆனா எல்லாத்தையும் பண்ண முடியாது. இந்த இடம் ரொம்பச் சுவாரசியம், கொஞ்சம் இருங்க.

[திரையில்: நான் நாளைக்கு உங்க கூட பேசுறேன் / நான் நாளைக்கு உங்களோட கதைக்கிறன்]

மேல இருக்கிறது நம்ம வாக்கியம், கீழ இருக்கிறது யாழ்ப்பாணத்து வாக்கியம். படப்பிடிப்புல நடிகர் 'பேசுறேன்'னு சொல்லிட்டாருன்னு வைங்க. அதை 'பேசுறன்'னு டப்பிங்ல மாத்தலாம். வாய் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் திறக்குது, அசையும் மூணுதான். யாருக்கும் தெரியாது. ஆனா அதை 'கதைக்கிறன்'னு மாத்த முடியாது. 'பே' சொல்ல ரெண்டு உதடும் ஒட்டணும். 'க' தொண்டைப் பக்கத்துல பிறக்கிற ஒலி, உதடு ஒட்டவே ஒட்டாது. அசையும் ஒண்ணு கூடிடுச்சு. முகத்துக்கு நெருக்கமான ஷாட்ல இதை மாத்தினா உதடு ஒண்ணு சொல்லும், குரல் ஒண்ணு சொல்லும்.

ஆக, முடிவை அப்புறம் திருத்திக்கலாம், சொல்லை அங்கேயே சரியாச் சொல்லணும். நடிகருக்கு எது சுலபமோ அது டப்பிங்ல கஷ்டம். நடிகருக்கு எது கஷ்டமோ அது டப்பிங்ல சுலபம். வட்டார வழக்குல எடுக்கிற எந்தத் தமிழ்ப் படத்துக்கும் இது பொருந்தும். அடுத்த தடவை ஒரு படத்துல முதுகு காட்டிப் பேசுற இடத்துல மட்டும் வழக்கு திடீர்னு சுத்தமா இருந்தா, ஏன்னு உங்களுக்குத் தெரியும்.

அதோட 'பேசுறது'ங்கிற சொல்லே ஒரு பொறி. யாழ்ப்பாணத்துல 'அப்பா என்னைப் பேசினவர்'னா அப்பா திட்டினாருன்னு அர்த்தம். சாதாரணமா பேசுறதுக்கு 'கதைக்கிறது'. இப்போ யோசிங்க. 'வீட்டு ஓனர் உங்ககிட்ட பேசணும்னாரு'ன்னு ஒரு சென்னைக்காரர் வந்து சொன்னா, கேட்கிற அம்மாவுக்கு நெஞ்சு பக்குன்னு ஆகும்.

இதை விட எங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. 'உ'.

நமக்கு 'இது' தெரியும், 'அது' தெரியும். என் கையில இருந்தா இது, தூரத்துல இருந்தா அது. உங்க கையில இருந்தா? நமக்கு அதுக்குத் தனிச் சொல் இல்லை. யாழ்ப்பாணத்துல இருக்கு: 'உது'. உவன், உவள், உங்கை, உப்பிடி. தொல்காப்பியம் அ, இ, உ மூணையும் சுட்டெழுத்துன்னு சொல்லுது. தமிழ்நாட்டுப் பேச்சுல மூணாவது உதிர்ந்து போச்சு. நாம புத்தகத்துல படிக்கிற இலக்கணத்தை யாழ்ப்பாணத்துல ஒரு பாட்டி குசினியில நின்னு சாதாரணமாப் பேசிட்டு இருப்பாங்க.

இதுல ஒரு வேடிக்கை. உங்க பக்கத்துல இருக்கிற பாத்திரத்தைக் கேட்கணும்னா அங்க 'உதைத் தாங்கோ'. இதை நம்ம ஊர் மளிகைக் கடையில போய்ச் சொன்னா, கடைக்காரர் 'நான் என்ன தப்பு பண்ணேன், எனக்கெதுக்கு உதை'ன்னு பார்ப்பாரு.

இன்னொண்ணு. இலங்கைத் தமிழர்கள் சென்னையில வாயைத் திறந்தா அடிக்கடி கேட்கிற கேள்வி 'நீங்க கேரளாவா?'. ஏன் அப்படி? அதுக்கு ஒலியில ஒரு காரணம் இருக்கு. 'வெற்றி'யை அவங்க வாசிக்கும்போது அந்த 'ற்ற' நுனி நாக்கு பல்லுக்குக் கொஞ்சம் மேல ஒட்டி, சுத்தமான இரட்டை ஒலியா வரும். நாம அதுல ஒரு ரகரத்தைச் சேர்த்துடுவோம். அவங்க சொல்ற அந்த ஒலி மலையாளத்துல அன்றாடம் கேட்கிற ஒலி. இங்கிலீஷ்ல இருந்து வந்த சொற்களையும் அவங்க அதே இடத்துல வச்சுத்தான் எழுதுவாங்க. நாம டொரண்டோ, அவங்க ரொறன்ரோ. நாம டிக்கெட், அவங்க ரிக்கெற். கேட்ட மாதிரி இருக்கு, ஆனா நம்ம ஊர் இல்லைன்னு சென்னைக் காதுக்குத் தோணும்போது, பக்கத்துல இருக்கிற கேரளாவுல கொண்டு போய் வச்சிடுது.

சரி, வழக்கு சரியா வந்ததா தப்பா வந்ததாங்கிறதைத் தாண்டி, படம் அதை எதுக்குப் பயன்படுத்துதுங்கிறதுலதான் எங்க மதிப்பு கூடுது. 2000-ல தெனாலி வந்தது. கமல்ஹாசன் அந்த வழக்கை ரொம்ப உழைச்சுப் பேசினாரு. ஆனா தியேட்டர்ல சிரிப்பு பெரும்பாலும் அந்த வழக்கைக் கேட்டே வந்துச்சு. ஒருத்தர் பேசுற விதமே நகைச்சுவை ஆயிடுச்சு. இங்க சிரிப்பு வேற இடத்துல இருக்கு. மாட்டிக்கக் கூடாதேன்னு பதறி, அந்தக் குடும்பம் சொல்ற சமாளிப்புல இருக்கு. பேசுறவரைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கும் அவரோட சேர்ந்து சிரிக்கிறதுக்கும் இருக்கிற தூரம் அது. இந்த 25 வருஷத்துல தமிழ் சினிமா நடந்து வந்த தூரமும் அதுதான்னு நாங்க நினைக்கிறோம். மறுப்பு இருந்தா எழுதுங்க, தெனாலி ரசிகர்கள் கோபிச்சுக்க வேண்டாம்.

சிம்ரனுக்கு இது இன்னொரு வகையிலயும் முழு வட்டம். 2002-ல கன்னத்தில் முத்தமிட்டால் படத்துல, இலங்கையில இருந்து அகதியா வந்த ஒரு தாய்க்குப் பிறந்த குழந்தையை வளர்க்கிற சென்னை அம்மா அவங்க. 2025-ல அதே கடலைக் கடந்து பிள்ளைங்களோட வர்ற அம்மாவும் அவங்களேதான். ரெண்டையும் அடுத்தடுத்து பாருங்க. கடலோட இந்தக் கரையில நின்ன முகம், இப்போ அந்தக் கரையில இருந்து வருது.

நடிப்புல மத்தவங்களைச் சுருக்கமாச் சொல்லிடறோம். யோகி பாபு அடக்கி வாசிச்சிருக்காரு, அதனாலயே நல்லா இருக்காரு. எம்.எஸ்.பாஸ்கரும் குமரவேலும் வர்ற காட்சிகளைப் பத்தி எதையும் சொல்லாம விடறதுதான் உங்களுக்கு நாங்க பண்ற மரியாதை. ஷான் ரோல்டன் இசை தேவையான இடத்துல ஒதுங்கி நிக்குது.

இப்போ குறை. நேர்மையாச் சொல்றோம்னு சொல்லிட்டு இதை விட்டா அது விமர்சனம் இல்லை.

படத்துல நல்லவங்க ரொம்ப ஜாஸ்தி. முதல் பாதியில அந்தக் காலனிக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கூர்மை இருக்கு. ரெண்டாம் பாதியில அந்தக் கூர்மை வரிசையா மழுங்குது. இந்தக் குடும்பம் தொட்ட வீடெல்லாம் குணமாகுதுங்கிற மாதிரி ஒரு ஒழுங்கு வந்துடுது. மூணாவது வீட்டுக்குப் போகும்போதே அந்தக் காட்சி எப்படி முடியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். ஒவ்வொரு காட்சியும் தனியா எடுத்தா கண் கலங்குது. அடுக்கி வச்சா ஒரே உயரத்துல நிக்குது. காவல்துறை தேடுற கிளையும் பலவீனம். அது பயத்தைக் கூட்டணும், ஆனா காமெடிக்கு நடுவுல ஞாபகப்படுத்துற மணி மாதிரி அப்பப்போ அடிச்சிட்டுப் போயிடுது.

இதை விடப் பெரிய குறை காகிதம். சென்னையில ஒரு வீடு வாடகைக்கு எடுக்கணும்னா ஆதார் நகல் கேட்பாங்க. வேலைக்குக் கேட்பாங்க, சிம் கார்டுக்குக் கேட்பாங்க, பள்ளிக்கூடத்துல கேட்பாங்க. காகிதம் இல்லாத ஒருத்தரோட ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்விகளால ஆனது. படம் இதை ரெண்டு மூணு வசனத்துல தாண்டிடுது.

நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2022 மார்ச்சுல இருந்து, மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் அரிசி விலையும் தாங்காம, சின்னச் சின்னப் படகுல குடும்பங்கள் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினாங்க. சில பேரை நடுக்கடல் மணல் திட்டுல இறக்கி விட்டுட்டுப் படகு திரும்பிப் போயிடுச்சு. மீட்டு, விசாரிச்சு, மண்டபம் முகாமுக்கு அனுப்பினாங்க. 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில இந்தியா கையெழுத்துப் போடலை. அதனால அகதிங்கிறதுக்கே இங்க தனிச் சட்டம் கிடையாது, காகிதம் இல்லாம வந்தவர் சட்டத்தோட கண்ணுக்கு அனுமதி இல்லாம நுழைஞ்ச வெளிநாட்டவர்தான். முகாமுக்குப் போகாம நேராச் சென்னை வந்து குடியேறினா என்ன ஆகும்ங்கிறதுதான் படத்தோட கற்பனை. கற்பனை பண்றது தப்பே இல்லை. ஆனா அந்தக் கற்பனைக்குள்ள இருக்கிற ஆபத்து இன்னும் கனமா இருந்திருந்தா, அக்கம்பக்கத்தோட அன்பும் இன்னும் பெருசாத் தெரிஞ்சிருக்கும். எந்த நேரமும் பிடிபடலாம்ங்கிறவனுக்குக் கதவு திறக்கிறது பெரிய விஷயம். படம் அந்தப் பயத்தைச் சீக்கிரமே நம்மளை மறக்க வச்சிடுது.

இதுக்கு எதிர்வாதம் இருக்கு, அதையும் சொல்லணும். இலங்கைத் தமிழர்னாலே திரையில குண்டு, ரத்தம், கதறல்னு பல வருஷமாப் பார்த்துட்டோம். அவங்களுக்கும் ஒரு சண்டே மத்தியானம் இருக்கும், ஒரு பையன் அப்பாவைக் கிண்டல் பண்ணுவான், அம்மா முறைப்பாங்க. அதைக் காட்ட ஒரு படம் வேணும், அந்தப் படத்துல காகிதத்தைப் பத்தி நிறையப் பேசினா அந்த மத்தியானம் போயிடும்னு சொல்றவங்க இருக்காங்க. அதுல நியாயம் இருக்கு. எங்க குழுவுலயே இது தீரலை.

யாரு பார்க்கலாம்? வீட்டுல மூணு தலைமுறையும் சேர்ந்து உட்கார ஒரு படம் தேடுறீங்கன்னா தயங்காம இதைப் போடுங்க. அரசியலா ஆழமா ஒரு அகதிக் கதை வேணும்னா இது அந்தப் படம் இல்லை, அந்த எதிர்பார்ப்போட போகாதீங்க. படம் பார்க்கும்போது சப்டைட்டிலை அணைச்சிட்டுப் பாருங்க. எழுத்தைப் படிச்சா கவனம் கண்ணுக்குப் போயிடும், காது வேலை செய்யாது.

இப்போ உங்க முறை. மூணு கேள்வி. ஒண்ணு, யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம்னு எந்தப் பக்கத்துக்காரங்களா இருந்தாலும், இந்தப் படத்துல யாரோட பேச்சு உங்க வீட்டுப் பேச்சு மாதிரி கேட்டுச்சு, எந்த வசனத்துல வழுக்குச்சு? மட்டக்களப்புத் தமிழும் மலையகத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழ் இல்லை, அதனால எந்த ஊர்க் காதுன்னு சேர்த்து எழுதுங்க. ரெண்டு, காகிதம் பத்தி நாங்க சொன்ன குறை சரியா, இல்ல எதிர்வாதம் சரியா? மூணு, உங்க ஊர் வழக்கைத் திரையில யாரு சரியாப் பேசியிருக்காங்க? நெல்லையா, கொங்கா, நாஞ்சில் நாடா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

ஒரே ஒரு விதி. கிளைமாக்ஸ் பத்தி எழுதணும்னா முதல் வரியில 'படம் பார்த்தவங்களுக்கு மட்டும்'னு போட்டு, நாலு வரி இடம் விட்டு எழுதுங்க. மாத்துக் கருத்து சொல்றவரை யாரும் பேச வேண்டாம். கதைங்கோ.